வெண்டிக்காய்த் தண்ணீர் பற்றி மாமாவுக்கு

ஆரையம்பதி

அன்புள்ள மாமாவுக்கு,

டெங்குவுக்குப் பப்பாசி இலைச் சாறு போதும் என்று நேற்றுக் காலை நீங்கள் அனுப்பிய செய்திக்கான மறுமொழியைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் எழுதாமல் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். திருக்கோவிலிலிருந்து கனடா வரை நம்முடைய ஆட்கள் இருக்கும் இடத்தில், உங்கள் மருமகள் உங்களுக்குப் புத்தி சொன்னாள் என்று ஆகிவிடக் கூடாது. ஒவ்வொரு செய்தியையும் நீங்கள் எங்கள் மீதுள்ள அக்கறையால்தான் அனுப்புகிறீர்கள் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

ஆனால் ஒரு விடயத்தை உங்களிடம் மறைக்க முடியவில்லை. இரவில் ஊறவைத்த வெண்டிக்காய்த் தண்ணீரை வெறும் வயிற்றில் குடித்தால் சீனி வருத்தம் அடியோடு மாறும், குளிசை தேவையில்லை என்று சென்ற மாதம் ஒரு செய்தி அனுப்பியிருந்தீர்கள். அம்மா அதை நம்பி, எங்களில் ஒருவருக்கும் சொல்லாமல் பதினொரு நாட்கள் மெட்போமினை நிறுத்திவிட்டார். கால் விறைக்கிறது, இரவில் நாலைந்து தடவை எழும்ப வேண்டியிருக்கிறது என்று சொன்ன பிறகுதான் இரத்தம் பார்த்தோம். வெறும் வயிற்றிலேயே சீனி 312 இருந்தது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டபோது, "அண்ணன் அனுப்பினது பிழையாக இருக்குமா?" என்று திருப்பிக் கேட்டார். இதை உங்கள் குற்றமாக எழுதவில்லை. அந்தச் செய்தியை வேறு யாராவது அனுப்பியிருந்தால் அம்மா வாசித்துவிட்டு விட்டிருப்பார். நீங்கள் அனுப்பியதால்தான் குளிசையை நிறுத்தினார். தாய்மாமனின் சொல்லுக்கு நம் பக்கத்தில் இருக்கும் மதிப்பு உங்களுக்குத் தெரியாததல்ல.

முப்பத்திரண்டு வருடங்கள் உப தபாலகத்தில் கடமையாற்றியவர் நீங்கள். சாவுத் தந்தி வந்தால் பெயரையும் வீட்டையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் கொடுத்துவிட விடமாட்டீர்கள் என்று அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது கைபேசியில் வரும் இந்தச் செய்திகளில் அனுப்பியவர் யார் என்பதே இல்லை. மேலே இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று பொருள். அடியில் ஒரு டொக்டரின் பெயர் இருந்தாலும், அவர்தான் அதை எழுதினார் என்பதற்கு அந்தப் பெயர் சாட்சியாகாது.

கைவைத்தியத்தின் மீது எனக்குப் பகை இல்லை, மாமா. தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிப்பதை நானும் விடவில்லை; வெண்டிக்காய்க் கறியும் சீனி வருத்தக்காரருக்கு நல்ல உணவுதான். மருந்தை நிறுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று சொல்லும் செய்திகளுக்குத்தான் பயப்படுகிறேன். இப்போது மாரி தொடங்கிவிட்டதால் டெங்குவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பப்பாசி இலைச் சாறு போதும் என்று நேற்று நீங்கள் அனுப்பியதை நம்பி யாராவது பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால், காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாம் ஆறுதல் அடையும் அந்த நேரத்தில்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து உடல் அதிர்ச்சி நிலைக்குப் போகக்கூடும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே கொடுக்கலாம். அஸ்பிரின், இபுப்புரூபன், டைக்குளோபினாக் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டும். வயிற்று வலி, விடாத வாந்தி, சோர்வு, இரத்தக்கசிவு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நெஞ்சு வலி வந்தால் பலமாக இருமச் சொல்லும் செய்தியும் அப்படித்தான்: இருமிக்கொண்டு இருக்கும் அந்த நிமிடங்களில் 1990 இற்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இனிமேல் மருந்து பற்றிய செய்தி எது வந்தாலும் முதலில் எனக்கு அனுப்புங்கள். கிளினிக்கில் டொக்டரிடமோ எங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கேட்டு, அன்றோ மறுநாளோ உங்களுக்குச் சொல்கிறேன். சரியென்றால் நீங்களே குழுவில் போடுங்கள். உங்கள் பிரஷர் குளிசையை ஒரு நாளும் தவறவிடாமல், கிளினிக் கொப்பியை உறை போட்டு வைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றி நாலு வரி எழுதினால் எங்களுக்கெல்லாம் எவ்வளவோ உதவும்.

இன்னொரு உதவியும் வேண்டும். அம்மா குளிசையை மறுபடி தொடங்கிவிட்டாலும், அந்தத் தண்ணீரில்தான் இன்னும் நம்பிக்கை வைத்திருக்கிறார். நான் சொன்னால் "உனக்கென்ன தெரியும்" என்கிறார். வியாழக்கிழமை அவருக்குக் கிளினிக். புதன் இரவு ஒரு தரம் அழைத்து, குளிசையை விட வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் கேட்பார். எட்டு மணிக்குப் பிறகு அழையுங்கள், அப்போதுதான் கோயிலால் வந்திருப்பார்.

அன்புடன்,
உங்கள் மருமகள்