பில்லிங் மாற்றத் திட்டக் குழு: நாம் ஒத்துக்கொண்ட வேலை முறைகள்

பழைய பில்லிங் மென்பொருளை நிறுத்திவிட்டு, ஆறு மாதத்துக்குள் வாடிக்கையாளர் கணக்குகள் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றுவதுதான் நம் வேலை. ஒரு வாடிக்கையாளருக்குக்கூடத் தவறான தொகையில் பில் போகக் கூடாது. வேகமா சரியான தொகையா என்ற கேள்வி வந்தால், தேதியைத் தள்ளிப்போடுவோம்.

குழுவில் ஏழு பேர்: திட்ட மேலாளர், டெவலப்பர்கள் மூவர், டெஸ்டர் ஒருவர், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், வாடிக்கையாளர் சேவையிலிருந்து ஒருவர். கடைசி இருவருக்கும் அவரவர் துறை வேலையும் உண்டு. மாதக் கடைசி மூன்று வேலை நாட்களில் கணக்குப் பிரிவுக்காரரிடம் எதுவும் கேட்பதில்லை.

பதில் சொல்லும் நேரம்

பொது வேலை நேரம் காலை 10 முதல் மாலை 4 வரை. அந்த நேரத்தில் சாட்டில் வரும் கேள்விக்கு இரண்டு மணி நேரத்துக்குள் பதில். மின்னஞ்சலுக்கும் கோடு ரிவ்யூவுக்கும் அடுத்த வேலை நாள் முடிவதற்குள். முழு விடை கையில் இல்லையென்றால், "பார்த்துவிட்டேன், வியாழன் மதியம் சொல்கிறேன்" என்பதும் பதில்தான். வெறும் கட்டைவிரல் குறி பதிலாகாது. அது சம்மதமா, படித்ததற்கு அடையாளமா என்று யாருக்கும் தெரியாது.

கேட்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. "ஹலோ, இருக்கீங்களா?" என்று போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்பதை முதல் செய்தியிலேயே எழுதுவோம். கேள்விகள் குழுவின் பொதுச் சேனலில்; சம்பளம், உடல்நலம் போன்ற சொந்த விஷயங்களுக்கு மட்டும் தனிச் செய்தி.

அவசரம் என்பது இரண்டுதான்: பில் வெளியே போவது நின்றுவிட்டது, அல்லது தவறான தொகையோடு போகிறது. அப்போது எந்த நேரமானாலும் அந்த வாரப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைக்கலாம். இரவு வேலை செய்ததற்கு மறுநாள் தாமதமாக வரலாம், காரணம் கேட்கப்படாது. மற்றபடி மாலை 6-க்குப் பிறகு வரும் செய்திக்கு மறுநாள் காலை பதில் சொன்னால் போதும். அனுப்பியவர் மேலாளராக இருந்தாலும் சரி.

கூட்டங்கள்

தினமும் 10.15-க்கு நின்றபடியே பதினைந்து நிமிடம். எங்கே சிக்கியிருக்கிறோம் என்பதுதான் முக்கியம், நேற்று செய்ததை ஒப்பிப்பதல்ல. இருவர் மட்டும் பேச வேண்டியதை அப்புறம் பேசிக்கொள்ளட்டும். செவ்வாய் 3 மணிக்கு முடிவெடுக்கும் கூட்டம், 45 நிமிடம். முந்தைய நாளே நிகழ்ச்சி நிரல் வராவிட்டால் கூட்டம் ரத்து. ஒருவர் தொலைவிலிருந்து சேர்ந்தால்கூட, எல்லாரும் அவரவர் கணினியிலிருந்தே சேர்வோம். குறிப்பெடுப்பது முறை வைத்து. எப்போதும் ஒருவர் தலையில் கட்டுவதில்லை.

முடிவும் முரண்பாடும்

எடுத்த முடிவு, காரணம், பொறுப்பாளர், தேதி நான்கும் அன்றே முடிவுப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாதது முடிவே அல்ல. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டோம், ஒவ்வொருவரையும் கேட்போம். இரண்டு நாளில் ஒத்துவராவிட்டால் மேலாளர் முடிவெடுப்பார். தொகைக் கணக்கீடு பற்றியதென்றால் கணக்குப் பிரிவுக்காரர் சொல்வதே கடைசி.

வேலை தள்ளிப்போகும் என்று தெரிந்த அன்றே சொல்ல வேண்டும். முன்கூட்டிச் சொன்னவரை யாரும் குறை சொல்லக் கூடாது.

இந்த முறைகளை யாராவது மீறினால் அவரிடமே நேராகச் சொல்லலாம். ஆறாவது வாரச் செவ்வாய்க் கூட்டத்தில் இதைத் திரும்பப் படித்து, ஒத்துவராததை எடுத்துவிடுவோம்.