‘நடுவழி’ சைக்கிள் கஃபே: பிராண்ட் மதிப்பீடு

உங்கள் வேலையில் முதல் மதிப்பெண் பெயருக்குத்தான். ‘நடுவழி’ என்றதும் பாதிப் பயணத்தில் இறங்கி இளைப்பாறுவது தோன்றுகிறது. பஞ்சராகித் தவிப்பதும் தோன்றுகிறது. ‘நடுவழியில் விடமாட்டோம்’ என்ற வாசகம் அந்தக் கெட்ட பொருளையே வாக்குறுதியாக்கிவிட்டது. இரண்டிலும் கை வைக்க வேண்டாம்.

ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்றும் பொருள் ஒன்றுகூட உங்கள் பக்கங்களில் இல்லை. கப், மெனு, டி-ஷர்ட் எல்லாம் இருக்கின்றன, காற்றடிக்கும் பம்ப் இல்லை. பிரெஸ்டா, ஷ்ரேடர் இரண்டு வால்வுக்கும் பொருந்தும் பம்ப், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, டயர் லீவர், பேட்ச் இவற்றை ஒரு பலகையில் மாட்டி, அதையே பிராண்டின் முகமாக வரையுங்கள். நாற்காலியிலிருந்து பார்த்தால் சைக்கிள் தெரிய வேண்டும். கண்ணுக்கு எட்டாத இடத்தில் வண்டியை விட்டுவிட்டு யாரும் நிதானமாகக் காபி குடிக்கப் போவதில்லை. வழவழப்பான தரை கிளீட் ஷூவுக்கு ஆபத்து.

சுவர் ஓவியத்தில் சைக்கிள் இடப்பக்கம் பார்த்து நிற்கிறது, செயினும் முன்னால் தெரிகிறது. செயின் இருப்பது வண்டியின் வலப்பக்கம். ஆகவே வண்டி வலப்பக்கம் பார்த்து நின்றால்தான் அது நமக்குத் தெரியும். மற்றவர்கள் கவனிக்க மாட்டார்கள். சைக்கிள்காரர்கள் வாசலிலேயே சிரித்துவிடுவார்கள். படத்தைத் திருப்பினால் போதும். எழுத்தையும் சேர்த்துத் திருப்பிவிடாதீர்கள்.

லோகோவில் 32 ஆரக்கால்கள். 16 பிக்சலில் வெறும் கறைதான் மிஞ்சும். 8 ஆகக் குறைத்து இன்னொரு வடிவம் வையுங்கள். வெள்ளையில் மஞ்சள் (#F2B705) எழுத்தின் கான்ட்ராஸ்ட் சுமார் 1.8:1, சாதாரண எழுத்துக்கு 4.5:1 தேவை. உங்களிடமே உள்ள கரும்பச்சையை (#1F3D2B) அந்த மஞ்சள்மேல் வைத்தால் சுமார் 6.6:1 வருகிறது.

எல்லாப் படத்திலும் லைக்ரா அணிந்த பந்தய வீரர்கள். விடிகாலைக் கூட்டம் கலைந்தபின் கடைக்கு வருவது யார்? கூடை வைத்த சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு இங்கே இடம் உண்டா என்று தெரியவில்லை. பெரிய ஓட்டை இதுதான்.

அடுத்துச் சோதிக்க வேண்டியவை. முகப்புப் படத்தை 5 விநாடி காட்டி மறைத்துவிட்டு, ‘இங்கே என்ன கிடைக்கும், யாருக்கு?’ என்று கேளுங்கள். சைக்கிள் ஓட்டுபவர் ஐந்து பேர், ஓட்டாதவர் ஐந்து பேர் போதும். ‘பிடித்திருக்கிறதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். பிறகு பெயர்ப்பலகை. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 30 மீட்டரைக் கடக்க ஐந்தரை விநாடிதான். 25 செ.மீ. உயர எழுத்தை அட்டையில் வெட்டி ஒட்டி, சைக்கிளிலேயே கடந்து பாருங்கள். ‘கஃபே’ என்ற சொல் இப்போதைய அளவில் படிக்கக் கிடைக்காது என்றே நினைக்கிறேன். படிக்க முடியாவிட்டால் லோகோவைச் சிறிதாக்குங்கள், சொல்லை அல்ல.