வீட்டுக் குடிநீர் மீட்டர், டோட்டலைசர் துல்லியச் சோதனைத் தாள்

மீட்டர்: 15 மி.மீ., பி வகுப்பு, இயல்பு ஓட்டம் மணிக்கு 1,500 லிட்டர்.

முதலில் குழாயில் காற்று முழுவதும் போகும் வரை தண்ணீரை ஓடவிடுங்கள், காற்று இருந்தால் முள் சும்மாவே சுற்றி, கீழே வரும் எல்லாக் கணக்கும் வீணாகிவிடும். அப்புறம் வால்வை மூடி, முள் அசையாமல் நிற்கிறதா பாருங்கள். அசைந்தால் கசிவு. சோதனையைத் தொடங்காதீர்கள்.

பிழை % = (மீட்டர் அளவு − தொட்டி அளவு) ÷ தொட்டி அளவு × 100

மணிக்கு 30 லிட்டர்: தொட்டி 10.0, மீட்டர் 9.6, பிழை −4.0%. வரம்பு ±5%. சரி.

மணிக்கு 120 லிட்டர்: தொட்டி 20.0, மீட்டர் 20.3, பிழை +1.5%. இங்கிருந்து வரம்பு ±2%. சரி.

மணிக்கு 1,500 லிட்டர்: தொட்டி 100.0, மீட்டர் 102.6, பிழை +2.6%. தவறியது. மறுபடி ஓட்டியும் 102.5.

டோட்டலைசர் (ஒரு பல்ஸ் 10 லிட்டர்): மீட்டர் 600 லிட்டர் ஏறியபோது 59 பல்ஸ். பல்ஸின் நடுவில் தொடங்கினால் ஒன்று கூடலாம், குறையலாம், அதைப் பிழையாக எழுத வேண்டாம். ஆனால் நீண்ட ஓட்டத்தில் இடைவெளி வளர்ந்துகொண்டே போனால் வயர் இணைப்பையும் பல்ஸ் அமைப்பையும் பாருங்கள்.

முடிவு: டோட்டலைசர் சரி, மீட்டர் தவறியது. இது வீட்டுக்காரர் தலையில் கூடுதல் கட்டணமாக விழும் பிழை, ஆகவே இன்றே மீட்டரைக் கழற்றி மாற்றுங்கள், பழைய சீலை உடைக்கும் முன் படம் எடுத்து வையுங்கள்.