உங்கள் புகார் எந்த ஆர்டர், எந்தத் துணி என்று தெரிய வேண்டும்

வணக்கம் மேடம்,

நேற்று ராத்திரி நீங்கள் அனுப்பிய செய்தியைக் காலையில் கடை திறந்த பிறகுதான் பார்த்தேன். "துணி சாயம் போகுது, அளவும் கம்மி, உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் சொல்வதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தத் துணியைச் சொல்கிறீர்கள் என்பதுதான் பிடிபடவில்லை. காலையில் இரண்டு தடவை போன் செய்தேன், நீங்கள் வேலையாக இருந்திருப்பீர்கள். அதனால் எழுத்தில் கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆர்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் உங்கள் எண்ணுக்கு நேராக மூன்று ஆர்டர் இருக்கிறது. பிப்ரவரி 3 அன்று ஆர்டர் எண் 1418: கருநீல டபுள் பெட்ஷீட் ஒன்று, அதே துணியில் தலையணை உறை இரண்டு. பிப்ரவரி 21 அன்று 1455: மெரூன் வாசல் கர்ட்டன் இரண்டு, ஏழடி உயரம். இதை உங்கள் தங்கை வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொன்னீர்கள். மார்ச் 9 அன்று 1490: வெள்ளைக் குளியல் துண்டு ஆறு, மெரூன் மேசை விரிப்பு ஒன்று. மூன்றையும் பேக் செய்தது நான்தான்.

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கெட் தண்ணீர் சிவப்பாக இருக்கிறது, துணி முழுக்க உள்ளே முங்கியிருக்கிறது, ஓரம் தெரியவில்லை. தண்ணீர் சிவந்திருப்பதால் சாயம் போவது நீல பெட்ஷீட்டாக இருக்காது என்று நினைக்கிறேன். கர்ட்டனாக இருக்கலாம், மேசை விரிப்பாகவும் இருக்கலாம். கர்ட்டன் என்றால் தங்கை வீட்டிலிருந்து உங்களுக்குப் படம் வந்திருக்கும். இது என் ஊகம்தான், ஊகத்தை வைத்து உங்களுக்கு வேறு பொருள் அனுப்பி, அதுவும் தவறாகிப் போனால் நன்றாக இருக்காது.

இன்னொன்றும் தோன்றியது. சாயம் போவது ஒரு துணி, அளவு குறைந்தது வேறொரு துணி என்று இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்களா? அப்படியென்றால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். அளவு பற்றியது பெட்ஷீட் என்றால், அதைத் துவைத்த பிறகு அளந்தீர்களா, பிரித்ததுமே அளந்தீர்களா என்று தெரிய வேண்டும். பருத்தித் துணி முதல் துவைப்பில் நூறு அங்குலத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து அங்குலம் வரை சுருங்குவது உண்டு, வெந்நீர் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். இதை விற்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. துவைக்காமலே குறைவாக இருந்தால் அது வெட்டும்போது வந்த பிழை, முழுப் பொறுப்பும் என்னுடையது. கர்ட்டன் என்றால் மேலே கம்பி நுழைகிற மடிப்பின் உச்சியிலிருந்து கீழ் மடிப்பு வரை ஒரு தடவை அளந்து சொல்லுங்கள், 84 அங்குலம் இருக்க வேண்டும்.

சாயம் போவது கர்ட்டன் என்றால் இன்னும் ஒரு சின்ன உதவி வேண்டும். ஒவ்வொரு துணியிலும் உள்பக்க மூலையில் விரல் நுனி அளவுக்கு வெள்ளைத் துண்டு ஒன்று தைத்திருக்கும். அதில் மார்க்கரால் ஒரு எண் எழுதியிருப்பேன், 27 அல்லது 31. எந்த ரோலில் இருந்து வெட்டியது என்பதற்கான குறி அது. உங்கள் முதல் கர்ட்டனை வெட்டும்போது 27 தீர்ந்துவிட்டது, இரண்டாவதை 31-இல் இருந்து வெட்டினேன். பார்வைக்கு இரண்டும் ஒரே மெரூன்தான். மேசை விரிப்பு முழுக்க 31.

இதை ஏன் இவ்வளவு விவரமாகக் கேட்கிறேன் என்றால், 31-ஆம் ரோலில் இருந்து வேறு நாலு வீட்டுக்கும் துணி போயிருக்கிறது. காலையில் இரண்டு ரோலிலும் மிச்சமிருந்த துண்டை எடுத்து, நனைத்த வெள்ளைக் கர்ச்சீப்பால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். 27-இல் ஒன்றும் ஒட்டவில்லை. 31-இல் லேசாக ரோஸ் பிடித்தது. சாயம் ஏற்றிய பிறகு துணியோடு ஒட்டாத மிச்சச் சாயத்தைச் சரியாக அலசாமல் விட்டால் இப்படி ஆகும். அடர் சிவப்பு, மெரூன், கருநீலம் இதெல்லாம் முதல் ஒன்றிரண்டு துவைப்பில் கொஞ்சம் தண்ணீர் கலங்கத்தான் செய்யும், ஆனால் பக்கெட் தண்ணீர் அந்த அளவுக்குச் சிவப்பது சரியில்லை. உங்களிடமிருந்து பதில் வரும் வரை 31-ஐ வெட்டுவதில்லை என்று மடித்து மேலே எடுத்து வைத்துவிட்டேன். நீங்கள் எண்ணைச் சொன்னால் அந்த நாலு பேருக்கும் இன்றைக்கே போன் செய்து, வேறு துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். யாருடைய வெள்ளைச் சட்டையாவது பாழாகிற வரை காத்திருக்க எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் வீட்டிலோ தங்கை வீட்டிலோ அந்தத் தண்ணீரில் வேறு துணி ஏதாவது சேர்ந்து நனைந்துவிட்டதா? அப்படி ஆகியிருந்தால் அதைக் காயவிடாதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே தனியாகச் சோப்புப் போட்டு இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் விட்டுவிடும், காய்ந்துவிட்டால் எடுப்பது கஷ்டம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், ஒட்டாத சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. கறை போகவில்லை என்றால் அந்தத் துணியையும் எழுதுங்கள், அதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்வோம்.

கர்ட்டன் என்றால் இரண்டையுமே மாற்றித் தருகிறேன், ஒன்று மட்டும் மாற்றினால் நிறம் சேராது. மேசை விரிப்பு என்றால் வேறு நிறத்தில் புதிதாகத் தைத்துத் தரவும் தயார், பணமாகத் திரும்ப வேண்டும் என்றால் அதுவும் தயார். பெட்ஷீட் துவைக்காமலே அளவு குறைவாக இருந்தால் புதியது அனுப்புகிறேன். எடுத்துப் போக கூரியர் ஆளை நானே அனுப்புவேன், அந்தச் செலவு உங்களுக்கு வராது. துவைத்துவிட்டோமே என்று தயங்க வேண்டாம், ஈரத்தை மட்டும் உலர்த்தி மடித்துக் கொடுத்தால் போதும்.

பதிலை நீளமாக எழுத வேண்டியதில்லை. "கர்ட்டன், 31, ஒரு தடவை துவைத்தது, அளவு 82" என்ற மாதிரி ஒரே வரி போதும். டைப் செய்ய நேரம் இல்லையென்றால் வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள். அந்த வெள்ளைத் துண்டை வெட்டிப் போட்டிருந்தால், துணியைப் பகல் வெளிச்சத்தில் விரித்து நாலு ஓரமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், தையலைப் பார்த்து நான் கண்டுபிடித்துக்கொள்வேன். இன்று ராத்திரி எட்டு மணி வரை கடையில்தான் இருப்பேன். நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடி ஒரு தடவை போன் செய்கிறேன், அந்த நேரம் வசதிப்படாது என்றால் எப்போது பேசலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஜவுளிக் கடைக்காரர்