வேலூரில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கும் முன்

ஷோரூமில் முதலில் காதில் விழுவது, ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கணக்கு. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, பேட்டரி எத்தனை கிலோவாட் அவர் என்று. ஒரு கிலோவாட் அவர் என்பது நம் இபி பில்லில் வரும் ஒரு யூனிட்தான்.

லெட் ஆசிட் பேட்டரி விலை குறைவு. ஆனால் கனம், ஆயுளும் கம்மி. வேண்டாம். லித்தியத்தில் பெரும்பாலும் இரண்டு வகை: என்எம்சி எடை குறைவாக இருக்கும், எல்எஃப்பி சூட்டை நன்றாகத் தாங்கும், அதிக முறை சார்ஜ் ஏற்றலாம். கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டும் ஊர் இது. விலை ஒத்துவந்தால் என் ஓட்டு எல்எஃப்பிக்கு. எதுவானாலும் பேட்டரி பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 சான்று இருக்கிறதா என்று பாருங்கள்.

விளம்பரத்தில் போடும் ஐடிசி ரேஞ்ச், சோதனைக்கூடத்தில் குறிப்பிட்ட வேகத் திட்டப்படி ஓட்டி எடுத்தது. ரோட்டில் அதில் முக்கால் பங்கு வந்தால் சரி. ஒரு கிலோவாட் அவருக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலூரிலிருந்து ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய்வர ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 2 கிலோவாட் அவர் வண்டி அதற்கு மட்டுமட்டு. பைபாஸில் வேகம் கூட்டினாலோ பின்னால் ஆள் ஏறினாலோ வீடு வருமுன் வழியில் நிற்கும். பேட்டரியும் வருடா வருடம் தேயும். 3க்குக் குறையாமல் எடுங்கள். காட்பாடி–பாகாயம் தடத்திலேயே சுற்றுபவருக்கு 2 தாராளம். சேல்ஸ்மேன் பெரியதைத் தலையில் கட்டுவார், விட்டுவிடுங்கள்.

சார்ஜர் வண்டி விலையில் சேர்ந்ததா, தனியா? 5 ஆம்பியர் பிளக் போதுமா, 15 வேண்டுமா? 750 வாட் சார்ஜரில் 3 கிலோவாட் அவர் நிரம்ப நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாடி வீட்டுக்காரர் பேட்டரியைக் கழற்ற முடிகிற வண்டியாகப் பார்க்கலாம். சுவர் பாயிண்டில் எர்த் இருக்கட்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. வெயிலில் ஓட்டி வந்த கையோடு சார்ஜ் போடாமல் அரை மணி ஆறவிடுங்கள்.

வாரண்டியில்தான் பலர் ஏமாறுவது. ‘3 வருடம் அல்லது 30,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது’ என்று போட்டிருக்கும். அதே ராணிப்பேட்டைக்காரருக்கு தினம் 50 என்றால் 600 வேலை நாளில் 30,000 தீர்ந்துவிடும். சுமார் இரண்டு வருடம்தான்! அவருக்கு வருடத்தைவிட கிலோமீட்டர் வரம்புதான் முக்கியம். அப்புறம், பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள், தண்ணீர் புகுந்தால் செல்லுமா, ஒரு சர்வீஸ் தவறினால் ரத்தாகுமா, சார்ஜருக்கும் மோட்டாருக்கும் தனிக் காலமா என்று வாரண்டி புத்தகத்தில் படித்துப் பாருங்கள். வாய்வார்த்தை நிற்காது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு நடை சர்வீஸ் சென்டருக்குப் போய், பேட்டரி பழுது இங்கேயே பார்க்கிறார்களா, சென்னைக்கு அனுப்புகிறார்களா, அனுப்பினால் வண்டி எத்தனை நாள் நிற்கும் என்று அங்கே வண்டி விட்டிருப்பவர்களிடமே கேளுங்கள்.