எடை அப்படியே, இடுப்பு மட்டும் குறைந்தது ஏன்?

அன்புள்ள மல்லிகா அம்மாவுக்கு,

வணக்கம். "பத்து வாரம் வாயைக் கட்டியும் ஒரு கிலோகூட இறங்கவில்லை, இனி ராத்திரி சாப்பாட்டையே விட்டுவிடுகிறேன்" என்று சனிக்கிழமை சொல்லிவிட்டுப் போனீர்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

உங்கள் அட்டையைப் பாருங்கள். தொடங்கும்போது எடை 71.4 கிலோ, இடுப்பு 95 செ.மீ. இப்போது 71.2, 91. நாடா பிடிப்பதில் ஒரு செ.மீ. முன்னே பின்னே ஆகலாம், நான்கு ஆகாது. இரண்டு முறையும் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகே அளந்தோம்.

எடைமெஷின் எதையும் பிரித்துச் சொல்லாது. கொழுப்பு, தசை, தண்ணீர், குடலில் இருக்கும் சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண்தான். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 1.1 லிட்டர் இடம் பிடிக்கும், ஒரு கிலோ தசைக்கு 0.95 லிட்டர் போதும். இந்த வித்தியாசம் சிறியது. பெரிய விஷயம், எங்கே குறைந்தது, எங்கே கூடியது என்பதுதான். வயிற்றுக் கொழுப்பு கரைந்திருக்கிறது. வாரம் மூன்று நாள் ரப்பர் பேண்ட் பயிற்சியால் தொடையிலும் முதுகிலும் கொஞ்சம் தசை ஏறியிருக்கும். பயிற்சிக்குப் பழகும் தசை, கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பையும் கூடுதலாக வைத்துக்கொள்ளும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று. முதல் தடவை காலை 7 மணிக்கு வெறும் வயிற்றில் எடை பார்த்தோம். இந்தத் தடவை மாலையில், அதுவும் மதியம் அப்பளம், ஊறுகாயோடு கல்யாணச் சாப்பாடு முடித்து வந்திருந்தீர்கள். ஒரு கிலோ வரை இதிலேயே ஒளிந்திருக்கலாம். அன்று நான் எடையே பார்த்திருக்கக் கூடாது.

இரவில் நீங்கள் சாப்பிடும் இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம், 200 மில்லி தயிரில் 6 கிராம். அதை நிறுத்தினால் கொழுப்போடு தசையும் கரையும். எடைமெஷின் எண் இறங்கும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். ஆனால் போவதில் பாதி நாம் கஷ்டப்பட்டுச் சேர்த்த தசையாக இருந்தால் என்ன லாபம்? மறுநாள் பதினொரு மணிக்கு முறுக்கு டப்பா வேறு திறக்கும்.

வீட்டில் திங்கள், புதன், வெள்ளி காலையில், கழிவறை போய் வந்து, காபிக்கு முன் எடை பார்த்து, மூன்றின் சராசரியை மட்டும் எழுதுங்கள். இடுப்பு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். உங்கள் மெஷின் காட்டும் கொழுப்புச் சதவீதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்; உடம்பில் உள்ள தண்ணீரைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது, அதனால் போக வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது. நான்கு வாரம் எடையும் இடுப்பும் இரண்டுமே நகராவிட்டால், மதியச் சோற்றில் கை வைப்போம். அதுவரை அளவு மாற்றமில்லை.

அடுத்த முறை காலை 7 மணிக்கே வாருங்கள், ஒன்றும் சாப்பிடாமல்.

அன்புடன்,
உங்கள் உணவியல் ஆலோசகர்