விடுமுறைக்குப் பிந்திய திட்டமிடல் கூட்டம்: ஏப்ரல் 22, புதன்கிழமை

அன்பான உத்தியோகத்தர்கள் அனைவருக்கும்,

வணக்கம். புத்தாண்டு நல்லபடியாகக் கழிந்திருக்கும் என நம்புகிறேன். கைவிசேடம் கொடுத்துக் கை வெறுமையானவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

20ஆம் திகதி திங்கட்கிழமை அலுவலகம் திறக்கிறோம். சிறுபோக வேலைகளைப் பிரித்துக்கொள்ளும் கூட்டம் 22ஆம் திகதி புதன்கிழமை காலை 9.30க்கு, களஞ்சியத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் நடைபெறும். பகல் 12.30க்கு முடித்துவிடுவோம். சாப்பாடு அலுவலகத்தில்.

போன வருடம் திறந்த அன்றே கூட்டம் வைத்தது என்னுடைய பிழைதான். பாதிப்பேர் பயணப் பையோடு ஏ9 வீதியில் பஸ்ஸுக்கு நின்றார்கள். வந்தவர்களிடமும் பதிவேடு இருக்கவில்லை. அதனால்தான் இம்முறை இரண்டு நாள் இடைவெளி. அந்த இரண்டு நாளும் மேசையைத் துடைப்பதற்கு மட்டுமல்ல, கள உத்தியோகத்தர்கள் தங்கள் பிரிவுக் கமக்காரர் அமைப்புகளோடு ஒருதடவை கதைத்துவிட்டு வாருங்கள்.

முக்கியமாகப் பேசவேண்டியது விதை. இரணைமடுவின் கீழ் சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் தண்ணீர் கிடைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பங்கு கிடைத்தவர்கள் விதைநெல் கேட்பார்கள், கிடைக்காதவர்கள் உழுந்து, பயறு, நிலக்கடலை என்று வருவார்கள். யாருக்கு எது, எத்தனை கிலோ என்ற கணக்கு நம்மிடம் ஒரே தாளில் இல்லை. பரந்தன் பிரிவின் பட்டியல் ஒரு கொப்பியில், தருமபுரத்தினது தொலைபேசியில், அக்கராயனினது ஒருவரின் ஞாபகத்தில்! புதன்கிழமை மூன்றையும் ஒன்றாக்காமல் எழும்பக்கூடாது.

களஞ்சியப் பொறுப்பாளர் செவ்வாய்க்கிழமை மூடைகளை எண்ணி வைக்கவும். வடக்குச் சுவரோரம் அடுக்கியிருந்த உழுந்து மூடைகளில் நான்கின் அடிப்பக்கம் விடுமுறைக்கு முன்பே ஈரம் பிடித்துக் கறுத்திருந்தது. அவற்றைப் பிரித்து, கையளவு அள்ளி முளைப்புப் பார்த்தால் விதையா, வடைக்கா என்று கூட்டத்திலேயே முடிவெடுக்கலாம். நனைத்த சாக்குத் துணியில் 100 விதை வைத்தால் போதும். திங்கள் காலையிலேயே வைத்துவிட்டால் புதன்கிழமைக்குள் முளை தெரியும்.

அப்புறம் பெற்றோல் கொடுப்பனவு, மோட்டார் சைக்கிள் திருத்தம், மே மாத விடுப்புகள். இவற்றுக்கு அரை மணித்தியாலம் மட்டும். வட்டாப்பளைப் பொங்கலுக்கு லீவு வேண்டியவர்கள் இப்போதே எழுதித் தாருங்கள். கடைசி நேரத்தில் எல்லோரும் ஒன்றாக நேர்த்தியைச் சொன்னால் அலுவலகத்தைப் பூட்டத்தான் வேண்டும்.

மல்லாவி, ஒட்டுசுட்டானிலிருந்து வருபவர்களை ஏற்ற மாங்குளம் சந்திக்கு 8.15க்கு வான் வரும். வானில் வருகிறவர்கள் சாரதிக்கும், வர முடியாதவர்கள் எனக்கும் திங்கள் மாலை 4 மணிக்குள் சொல்லிவிடுங்கள். வராதவர்கள் தங்கள் பட்டியலை யாரிடமாவது கொடுத்தனுப்பவேண்டும்.

வீட்டில் மிஞ்சிய பயற்றம் உருண்டை, முறுக்கு இருந்தால் கொண்டு வாருங்கள். தேநீர் நம்முடையது.

அன்புடன்,
முகாமையாளர்
கிளிநொச்சி அலுவலகம்